டைம்லைனை நிறுத்துவதும் அழிப்பதும்: இருப்பிட வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைம்லைன் என் நடமாட்டத்தில் எதைத்தான் பதிந்து வைக்கிறது?

கூகுள் மேப்ஸில் முன்பு "Location History" என்ற பெயரில் இருந்த வசதிதான் இப்போது "Timeline" என்று தோன்றுகிறது. கணக்கின் உரிமையாளர் இயக்கினால் மட்டுமே அது பதிவு செய்யும். ஆனால் புதிய மொபைலை அமைக்கும்போது வரிசையாக வரும் கேள்விகளுக்குச் 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு, எப்போது இயக்கினோம் என்பதே நினைவில் இருப்பதில்லை.

இயங்கத் தொடங்கிய பின், மேப்ஸ் திறந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஜிபிஎஸ், அருகிலுள்ள வைஃபை கருவிகள், மொபைல் கோபுரங்கள், மொபைலுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் ஆகியவற்றின் துணையோடு அவ்வப்போது ஒரு புள்ளி குறிக்கப்படுகிறது. அந்தப் புள்ளிகள் அப்படியே கிடப்பதில்லை. அவற்றிலிருந்து "இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை இந்த இடத்தில் இருந்தார்", "இங்கிருந்து அங்கே பேருந்தில் போனார்" என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு மொபைலின் அமைப்புகளில் இருப்பிடப் பகுதிக்குச் சென்று டைம்லைன் தரவை ஏற்றுமதி செய்தால் ஒரு கோப்பு கிடைக்கும். அதில் ஒரு வருகை ஏறத்தாழ இப்படி எழுதப்பட்டிருக்கும்:

```json
{
  "startTime": "2025-03-04T21:10:00.000+05:30",
  "endTime": "2025-03-05T06:35:00.000+05:30",
  "visit": {
    "probability": 0.84,
    "topCandidate": {
      "semanticType": "INFERRED_HOME",
      "probability": 0.71
    }
  }
}
```

"INFERRED_HOME" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டு முகவரியை யாரும் தட்டச்சு செய்து தரவில்லை. இரவு முழுவதும் மொபைல் அங்கேயே இருந்ததை வைத்து அது வீடாக இருக்கும் என்று ஊகிக்கப்பட்டிருக்கிறது. பணியிடத்துக்கும் இதே போன்ற ஊகம் உண்டு. பக்கத்தில் இருக்கும் 0.71 என்ற எண், அந்த ஊகத்தின் மீது கருவிக்கு இருக்கும் நம்பிக்கையின் அளவு. ஆகவே டைம்லைனில் இருப்பவை அனைத்தும் நடந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒட்டி ஒட்டிக் கடைகள் இருக்கும் தெருவில் நீங்கள் நுழையாத கடையின் பெயர் பதிவாவதும், அடுக்குமாடிக் கட்டடத்தில் வேறொரு அலுவலகத்தின் பெயர் விழுவதும் வழக்கமாக நேர்பவை.

இந்தப் பதிவு கூகுளின் கணினிகளில் இருக்கிறதா, என் மொபைலிலேயே இருக்கிறதா?

இப்போது அது மொபைலில் இருக்கிறது. முன்பு இருப்பிட வரலாறு முழுவதும் கூகுளின் சேவையகங்களில், கணக்கோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. 2023 டிசம்பரில் கூகுள் இந்த ஏற்பாட்டை மாற்றப்போவதாக அறிவித்தது. அடுத்து வந்த மாதங்களில் பயனர்கள் படிப்படியாகப் புதிய முறைக்கு மாற்றப்பட்டார்கள். இதில் ஒவ்வொரு மொபைலும் தன் டைம்லைனைத் தானே வைத்துக்கொள்கிறது. விரும்புகிறவர்கள் மட்டும் அதன் பேக்கப்பைக் கூகுளின் சேவையகத்தில் வைக்கலாம். அந்தப் பிரதி, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே வைக்கப்படுகிறது.

அழிக்க நினைப்பவர் கணக்கில் எடுக்க வேண்டிய இடங்கள் இதனால் மாறிவிட்டன. முன்பு கணக்கில் ஒரு முறை அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழிந்தது. இப்போது மொபைலில் இருப்பது ஒன்று, பேக்கப்பில் இருப்பது இன்னொன்று. இரண்டு மொபைல் வைத்திருப்பவருக்கு இரண்டு டைம்லைன்கள். இவற்றுக்கு அப்பால், டைம்லைன் என்ற பெயரே இல்லாமல் இடத்தைப் பதியும் வேறொரு பதிவேடும் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

கணினியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது வரவில்லை. பல ஆண்டுப் பயணங்களும் காணாமல் போய்விட்டன. என் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?

திருட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பதிவு மொபைலுக்குள் போய்விட்டதால் கணினியின் உலாவியில் டைம்லைனைப் பார்க்கும் வசதி நீக்கப்பட்டது. மாற்றத்தின்போது, பழைய தரவை என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி, கெடு தேதியுடன் கூகுள் மின்னஞ்சல் அனுப்பியது. அதை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கியவர்கள் ஏராளம்; கெடு கடந்தபின் அவர்களில் பலருடைய பழைய பயணங்கள் நீங்கின.

இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச்சில் ஒரு தொழில்நுட்பக் கோளாறால் சிலரின் டைம்லைன் தரவு அழிந்துபோனதைக் கூகுளே ஒப்புக்கொண்டது. பேக்கப்பை இயக்கி வைத்திருந்தவர்களுக்கு அதிலிருந்து மீட்க வழி இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. மூன்றாவதாக, தானாக அழிக்கும் காலவரம்பு 3 மாதங்களாக இருந்தால், அதற்கு முந்தையவை ஒவ்வொரு நாளாக நீங்கிக்கொண்டே வரும்.

டைம்லைனை நிறுத்திவிட்டால் பழையது தானாக அழிந்துவிடும் அல்லவா?

அழியாது. நிறுத்துவது இனிமேல் எழுதப்படுவதைத் தடுக்கும். ஏற்கெனவே எழுதப்பட்டதைத் தொடாது. அதேபோல அழிப்பது இருப்பதை நீக்கும். நாளைக்குப் போகும் இடத்தைப் பதிவதைத் தடுக்காது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் செய்தாக வேண்டும். முதலில் நிறுத்துவதே நல்லது. அழித்துவிட்டுப் பிறகு நிறுத்தலாம் என்று விட்டுவைத்தால், மறந்துபோகும் பட்சத்தில் அன்று மாலையே புதிய பக்கம் எழுதத் தொடங்கிவிடும்.

மொபைலின் இருப்பிட வசதியை மொத்தமாக அணைப்பதும் டைம்லைனை நிறுத்துவதும் வெவ்வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைம்லைனை நிறுத்தினாலும் மேப்ஸ் வழி காட்டும், வாடகை வண்டிச் செயலி உங்களைக் கண்டுபிடிக்கும், தொலைந்த மொபைலைத் தேடும் வசதி வேலை செய்யும். எனவே நிறுத்தினால் எதையோ இழந்துவிடுவோம் என்ற அச்சம் தேவையில்லை. இழப்பது, 'போன மாதம் அந்தக் கடைக்கு எந்தத் தேதியில் போனோம்' என்று பின்னர் தேடிப் பார்க்கும் வசதியை மட்டுமே.

எங்கே போய் நிறுத்துவது?

மேப்ஸ் செயலியைத் திறந்து மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தட்டினால் "Your Timeline" என்ற வரி தெரியும். அதற்குள் சென்று மூன்று புள்ளிகளைத் தட்டி, இருப்பிடமும் தனியுரிமையும் சார்ந்த அமைப்புகளைத் திறந்தால், டைம்லைன் இயங்குகிறதா இல்லையா என்பதைக் காட்டும் வரி இருக்கும். அதைத் தட்டி "Turn off" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் சற்று இடம் மாறினாலும், படம், டைம்லைன், மூன்று புள்ளிகள், அமைப்புகள் என்ற பாதை பெரும்பாலும் இதுவே.

நிறுத்துவதற்கு முன் மேலே தெரியும் மின்னஞ்சல் முகவரியை ஒரு முறை படியுங்கள். ஒரே மொபைலில் அலுவலகக் கணக்கு ஒன்றும் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் டைம்லைன் தனி. ஒன்றில் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மற்றொன்று எழுதிக்கொண்டே இருக்கும். கணக்கை மாற்றிப் பார்த்து இரண்டிலும் சரிபார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நிறுத்தியது பலித்ததா என்பதை மறுநாள்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வெளியே போய்வந்த ஒரு நாளின் மாலையில் டைம்லைனைத் திறந்து, அந்தத் தேதி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது இருந்தால், எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்பதிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

டைம்லைனை நிறுத்தி மாதக்கணக்கு ஆகிறது. ஆனாலும் நான் தேடியவற்றோடு இடமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறதே, எப்படி?

மேலே சொன்ன அந்த இரண்டாவது பதிவேடு இதுதான். அதன் பெயர் "Web & App Activity". தேடுபொறியில் நீங்கள் தேடியது, மேப்ஸில் பார்த்த இடங்கள், கேட்ட வழி போன்றவற்றை அது பதிகிறது. கூடவே அந்த நேரத்தில் ஏறத்தாழ எங்கே இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. டைம்லைன் உங்கள் பின்னாலேயே நடந்து வருகிறது என்றால், இது நீங்கள் கூகுளின் சேவையைப் பயன்படுத்தும் தருணத்தில் மட்டும் குறிப்பெடுக்கிறது. இது மொபைலில் அல்ல, கணக்கில் இருக்கிறது. டைம்லைனில் என்ன மாற்றினாலும் இதற்குத் தெரியாது.

இந்த வேறுபாடு வெறும் நுணுக்கமல்ல. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், இருப்பிட வரலாற்றை நிறுத்திய பிறகும் சில கூகுள் சேவைகள் இடத்தைச் சேமிப்பதை வெளிக்கொண்டுவந்தது. அன்றைக்கு உதவிப் பக்கத்தில் இருந்த விளக்கமோ, நிறுத்தினால் போன இடங்கள் சேமிக்கப்படாது என்று பயனரை நம்பவைக்கும்படி இருந்தது. பிறகுதான் அது திருத்தப்பட்டது. அமெரிக்காவின் 40 மாநிலங்கள் சேர்ந்து நடத்திய விசாரணை, 2022 நவம்பரில் 39.15 கோடி டாலர் சமரசத் தொகையில் முடிந்தது. ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும் இரண்டு பொத்தான்களைத் தனித்தனி அறைகளில் வைத்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்பது என் கருத்து.

இப்போது அந்தப் பதிவேட்டில் துல்லியமான புள்ளிக்குப் பதிலாகப் பொதுவான பகுதி சேர்க்கப்படுகிறது என்று கூகுள் விளக்குகிறது: குறைந்தது 3 சதுர கிலோமீட்டர் பரப்பு, அங்கே 1,000 பேராவது இல்லையென்றால், அந்த எண்ணிக்கை வரும்வரை பரப்பு விரியும். ஒரு தெருவைச் சொல்லாது, ஒரு பேட்டையைச் சொல்லும். ஆனால் நீங்கள் தேடியது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வழி என்றால், அந்தத் தேடல் சொற்களே இடத்தைச் சொல்லிவிடும். பகுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை.

இதைப் பார்க்க myactivity.google.com என்ற முகவரிக்குச் செல்ல வேண்டும். ஒரு பதிவின் விவரத்தைத் திறந்தால், இடம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கும்: உங்கள் கருவியிலிருந்து, இணைய இணைப்பின் ஐபி முகவரியிலிருந்து, வீடு என்று நீங்கள் குறித்து வைத்ததிலிருந்து என்பன போல. நிறுத்தும் பொத்தானும் தானாக அழிக்கும் காலவரம்பும் அதே பக்கத்திலிருந்து எட்டும் தூரத்திலேயே உள்ளன. நிறுத்தினால் மேப்ஸில் பழைய தேடல்கள் தோன்றாமல் போவது போன்ற சிறு இடைஞ்சல்கள் வரும் என்பதால், முழுவதும் நிறுத்த மனமில்லாதவர்கள் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லாம் அழிய வேண்டாம். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனது மட்டும் தெரியக்கூடாது. என்ன செய்வது?

இதைப் படிப்படியாகவே பார்ப்போம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு ஒருவர் மேப்ஸில் மருத்துவமனையின் பெயரைத் தட்டி வழி கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். 11.15-க்குப் போய்ச் சேர்ந்தார், 12.50 வரை அங்கே இருந்தார், வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார், பிறகு வீடு திரும்பினார். இந்த இரண்டு மணி நேரச் சொச்சம் நான்கு இடங்களில் தடம் விட்டிருக்கக்கூடும்.

முதலாவது மொபைலில் உள்ள டைம்லைன். அந்தத் தேதியைத் திறந்தால் வீடு, பயணம், மருத்துவமனை, பயணம், வீடு என்று அடுக்காக இருக்கும். மருத்துவமனை என்ற வருகையை மட்டும் நீக்கலாம். ஆனால் அதை மட்டும் நீக்கினால், வீட்டிலிருந்து கிளம்பிய பயணம் எந்தத் திசையில் எங்கே நின்றது என்பது வரைபடக் கோட்டில் எஞ்சிவிடலாம். கோட்டின் முனை மருத்துவமனை வாசலில் நிற்கும்போது பெயரை நீக்கி என்ன பயன்? ஆகவே இப்படிப்பட்ட நாளுக்கு, மூன்று புள்ளிகளைத் தட்டி "Delete day" கொடுத்து நாள் முழுவதையும் நீக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது பேக்கப். டைம்லைன் திரையின் மேல்பகுதியில் மேகம் போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தட்டினால் பேக்கப் இயங்குகிறதா, எந்தெந்தக் கருவியின் பிரதி இருக்கிறது என்பது தெரியும். முன்பு பயன்படுத்திய மொபைலின் பிரதிகூட அங்கே பெயரோடு இருக்கலாம். நீக்கிய நாளின் பழைய பிரதி எதுவும் மிஞ்சக்கூடாது என்பவர், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டிப் பிரதியை அழித்துவிட்டு, வேண்டுமானால் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, 10.40 மணிக்குத் தட்டிய அந்தத் தேடல். அது "Web & App Activity" பதிவேட்டில் இருக்கிறது; டைம்லைனில் அந்த நாள் முழுவதையும் அழித்தாலும் இது அசையாது. myactivity.google.com பக்கத்தில் தேதியைக் கொண்டு வடிகட்டி அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திறந்து, மேப்ஸ் தேடலை நீக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள்களையும் பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலோர் போகும் நாளுக்கு முன்பே ஒரு முறையாவது முகவரியைத் தேடியிருப்பார்கள்.

நான்காவது அந்தப் படம். கேமராவுக்கு இருப்பிட அனுமதி இருந்தால், படக் கோப்புக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டுவிடும். படத்தின் விவரத்தைத் திறந்து இடத்தை நீக்கலாம், அல்லது படத்தையே அழித்துக் குப்பைத் தொட்டியையும் காலி செய்யலாம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வேண்டும். பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

பேக்கப் இல்லாத மொபைலில் அழித்த டைம்லைனை மீட்க வழி இல்லை. எனவே பணிப்பயணச் செலவுக் கணக்குக்கோ, வெறும் நினைவுக்கோ பழைய தேதிகள் தேவைப்படலாம் என்று தோன்றினால், அழிப்பதற்கு முன் ஏற்றுமதி செய்து கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு மறையாக்கம் செய்யப்படாதது என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வீடு, பணியிடம், வழக்கமான நேரங்கள் அனைத்தும் அதில் வெறும் எழுத்தாக இருக்கும். அதை மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, பூட்டை மாற்றிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

டைம்லைனை நிறுத்திய பின், அதே அமைப்புப் பக்கத்தில் "Delete all Timeline data" என்பதைத் தட்டுங்கள். பின்னர் மேகக் குறியில் பேக்கப்பையும், கடைசியில் "Web & App Activity" பதிவேட்டையும் அழியுங்கள். பேக்கப்பை விட்டுவிட்டு மொபைலில் மட்டும் அழித்தால், புதிய மொபைலை அமைக்கும்போது பழைய பயணங்களை மீட்கட்டுமா என்று அது உங்களையே கேட்கக்கூடும்.

அழித்தவுடன் அது உண்மையிலேயே போய்விடுகிறதா?

கூகுளின் சேவையகத்தில் இருப்பவற்றைப் பொறுத்தவரை, அழித்ததும் உங்கள் பார்வையிலிருந்து உடனே நீங்கும். முழுவதும் அகற்றப்பட ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகும் என்றும், பேரிடர் மீட்புக்காக வைக்கப்படும் மறையாக்கப்பட்ட பிரதிகளில் 6 மாதங்கள் வரை இருக்கலாம் என்றும் கூகுள் தன் தரவுக் கொள்கையில் கூறுகிறது.

தானாக அழிக்கும் வசதி ஒன்றே போதாதா?

பலருக்குப் போதும். டைம்லைனுக்கு 3, 18, 36 மாதங்கள் என்று மூன்று கால அளவுகள் உள்ளன. தானாக அழிக்கவே வேண்டாம் என்றும் வைக்கலாம். மொபைலுக்கு மாறிய முறையில், புதிதாக இயக்குகிறவருக்கு 3 மாதம் என்பதே இயல்பாக அமைகிறது. அதற்கு முன் 18 மாதமாக இருந்தது.

ஆனால் இது வரலாற்றின் நீளத்தைத்தான் குறைக்கிறது, இருப்பதை மறைப்பதில்லை. ஒருவர் எங்கே வசிக்கிறார், எப்போது வீட்டில் இருக்க மாட்டார், வாரத்தில் எந்த நாள் எங்கே போவார் என்பதைக் கண்டுபிடிக்க 3 மாதமெல்லாம் தேவையில்லை, இரண்டு வாரமே தாராளம். பழைய பயணங்கள் குவிந்து கிடப்பதுதான் உங்கள் கவலை என்றால் தானாக அழிப்பது சரியான தீர்வு. இப்போதைய நடமாட்டமே பதிவாகக் கூடாது என்பது கவலையென்றால் நிறுத்துவதுதான் வழி.

என்னிடம் இரண்டு மொபைல்கள். பழையதை விற்கவும் போகிறேன். தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒரு மொபைலில் அழித்தது மற்றொன்றில் அழியாது என்பதால், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இழுப்பறையில் கிடக்கும் பழைய மொபைலும் கணக்கில் சேரும். விற்பதற்கு முன் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் அதில் உள்ள டைம்லைன் மற்றவற்றோடு சேர்ந்து அழியும். கணக்கிலிருந்து வெளியேறுவதை மட்டும் நம்ப வேண்டாம். அதன் பேக்கப் கணக்கில் இன்னும் இருக்கலாம் என்பதால் புதிய மொபைலில் மேகக் குறியையும் ஒரு முறை பாருங்கள்.

நான் வைத்திருப்பது ஐபோன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கூகுள் மேப்ஸைப் பயன்படுத்தினால் பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. ஐபோனில் டைம்லைன் ஒழுங்காக எழுதப்பட, மேப்ஸ் செயலிக்கு இருப்பிட அனுமதி "Always" என்று இருக்க வேண்டும். அதை "While Using the App" என்று மாற்றினால் பின்னணியில் பதிவது பெரும்பாலும் நின்று, டைம்லைனில் ஓட்டைகள் விழும். இதை நிறுத்துவதற்கு மாற்றாகக் கொள்ளாமல், கூடுதல் தாழ்ப்பாளாகக் கொள்ளலாம்.

இதைத் தவிர ஆப்பிள் நிறுவனத்தின் சொந்தப் பதிவு ஒன்று உண்டு. "Settings" திறந்து "Privacy & Security", "Location Services", "System Services" என்று போய்க்கொண்டே இருந்தால், பட்டியலின் அடியில் "Significant Locations" என்று தொடங்கும் வரி தெரியும். அடிக்கடி போகும் இடங்களை மொபைல் தனக்காகக் குறித்து வைப்பது இதில்தான். இது முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது என்றும் தன்னால் படிக்க முடியாது என்றும் ஆப்பிள் சொல்கிறது. அணைக்கும் பொத்தானும் "Clear History" என்ற அழிக்கும் பொத்தானும் அங்கேயே உள்ளன. இத்தனை ஆழத்தில் வைத்திருப்பதால், பல ஆண்டுகள் ஐபோன் வைத்திருப்பவர்கள்கூட இப்படியொன்று இருப்பதை அறியாமல் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் என் நடமாட்டத்தைப் பார்க்கிறார் என்று சந்தேகம். டைம்லைனை அழித்தால் போதுமா?

பொதுவாகப் போதாது. பிறருக்கு நேரலையில் இடத்தைக் காட்டுவது "Location sharing" என்ற வேறொரு வசதி. மேப்ஸில் உங்கள் படத்தைத் தட்டினால் அதன் வரியும் தெரியும். யாருக்குப் பகிரப்படுகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். டைம்லைனை நிறுத்தினாலும் இந்தப் பகிர்வு தொடரும்.

டைம்லைனோ, மொபைலைத் திறந்து பார்க்க முடிந்தவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே திறப்பு எண் யாருக்குத் தெரியும், கணக்கில் வேறு எந்தக் கருவி உள்நுழைந்திருக்கிறது என்பவையே இங்கே முதலில் பார்க்க வேண்டியவை. ஆண்ட்ராய்டு 12 முதல், அமைப்புகளில் உள்ள தனியுரிமைப் பலகையில், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு இருப்பிடத்தைக் கேட்டது என்று பார்க்கலாம். நீங்கள் நிறுவாத பெயர் அதில் தெரிந்தால் அதுவே தடயம்.

பார்க்கிறவரால் உங்களுக்கு ஆபத்து நேரலாம் என்ற நிலை இருந்தால், திடீரென்று எல்லாவற்றையும் அழிப்பதோ பகிர்வை நிறுத்துவதோ அவருக்கு உடனே தெரிந்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட சூழலில், முதலில் வேறொருவரின் மொபைலிலிருந்து நம்பகமானவரிடமோ குடும்ப வன்முறைக்கான உதவி அமைப்பிடமோ பேசிவிட்டு, எதை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பதே பாதுகாப்பானது.

இவ்வளவும் செய்த பிறகும் எதாவது மிஞ்சுமா?

மிஞ்சும். வாடகை வண்டி, உணவு விநியோகம், உடற்பயிற்சி போன்ற செயலிகள் தங்கள் பங்குக்குத் தனியாகப் பதிவு வைத்திருக்கும். அவற்றை அந்தந்தச் செயலியின் கணக்கில்தான் அழிக்க முடியும். செயலியை மொபைலிலிருந்து நீக்குவதால் அவர்களிடம் உள்ள பதிவு நீங்காது. முதலில் கணக்குக்குள் சென்று தரவை அழிக்கக் கோரிவிட்டு, பிறகு செயலியை நீக்குங்கள்.

மொபைல் இணைப்பு தரும் நிறுவனத்திடம், உங்கள் அழைப்பும் இணைய இணைப்பும் எந்தக் கோபுரத்தின் வழியாகப் போயின என்ற பதிவு இருக்கும். கோபுரம் இல்லாமல் இணைப்பே இல்லை என்பதால் மொபைலின் எந்த அமைப்பும் இதைத் தடுக்காது. இதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் சட்டத்தையும் உரிமத்தையும் பொறுத்தது. அதன் துல்லியம் டைம்லைனைவிடக் குறைவு. நெரிசலான நகரத்தில் சில நூறு மீட்டர், ஆளில்லாத வெளியில் பல கிலோமீட்டர் என்று அது ஒரு பகுதியைத்தான் சுட்டும். அதை அழிக்கும் பொத்தான் மட்டும் பயனர் கையில் இல்லை.